தொண்ணூறு நாள், எந்த நாளிலிருந்து?

சென்னையில் நடுத்தர அளவு நிறுவனம் ஒன்றின் மனிதவளத் துறையில் ஆள்சேர்ப்பு ஒப்பந்தங்களுக்கென்று ஒரு கோப்பு இருக்கும். ஐந்தாறு கன்சல்டன்சிகளுடன் வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு மேலாளர்கள் கையெழுத்திட்ட தாள்கள் அதில் கிடக்கும். அவற்றை ஒன்றாகப் படித்து ஒரு பட்டியல் தயாரிக்கச் சொன்னால், பெரும்பாலும் மூன்று கட்டங்கள் கொண்ட அட்டவணை ஒன்றுதான் வரும். கட்டணம் எத்தனை சதவீதம், ரீப்ளேஸ்மென்ட் எத்தனை நாள், பிரத்தியேக உரிமை உண்டா இல்லையா என்பதோடு அட்டவணை முடிந்துவிடும். அதில் உள்ள எண்கள் தவறில்லாமல் எடுக்கப்பட்டிருக்கும். ஆனாலும் எந்த முகமை மலிவு, ஆள் விலகினால் பணம் திரும்புமா என்ற கேள்விகளை அதனிடம் கேட்டால் தவறான பதிலே கிடைக்கும். ஒப்பந்தத்தில் அந்த எண்கள் தனித்து நிற்பதில்லை என்பதுதான் காரணம். ஒவ்வோர் எண்ணுக்கும் எதன் மீது, எந்த நாளிலிருந்து, எந்த நிபந்தனைக்கு உட்பட்டு என்று மூன்று ஒட்டுகள் உண்டு. அந்த ஒட்டுகள் பல நேரம் வேறொரு பக்கத்தில், வேறொரு தலைப்பின் கீழ் எழுதப்பட்டிருக்கும். ஆகவே எண்ணோடு நிபந்தனையையும் சேர்த்து ஒரே அலகாக எடுக்க வேண்டும். எடுத்தது சரிதானா என்று அறிய, ஒரே ஆளின் கதையை எல்லா ஒப்பந்தங்களுக்குள்ளும் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

கட்டணத்திலிருந்து தொடங்கலாம். இந்தியாவில் இந்தத் தொழிலில் அடிக்கடி கண்ணில் படும் விகிதம் 8.33 சதவீதம். பார்க்க விசித்திரமான எண்தான், ஆனால் பன்னிரண்டில் ஒரு பங்கு என்பதன் தசம வடிவம் அது. ஆளின் ஒரு மாதச் சம்பளம் முகமைக்கு என்ற பழைய வழக்கத்தை அப்படி எழுதுகிறார்கள். மாதச் சம்பளம் என்று சொல்லும்வரை எதன் மீது என்ற கேள்வி பெரிதாக எழவில்லை. சி.டி.சி. என்ற சொல் வந்த பிறகு எழுந்தது. நிறுவனத்துக்கு ஓர் ஊழியரால் ஆகும் மொத்த ஆண்டுச் செலவு அது. அடிப்படைச் சம்பளமும் படிகளும் மட்டுமல்லாமல், நிறுவனம் கட்டும் பி.எஃப். பங்கு, கிராஜுவிட்டி ஒதுக்கீடு, காப்பீட்டுப் பிரீமியம், இலக்கை எட்டினால் மட்டும் கிடைக்கும் வேரியபிள் தொகை எல்லாம் அதற்குள் அடக்கம். ஊழியர் கைக்கு ஒருபோதும் வராத ரூபாய்க்கும் முகமைக்குச் சதவீதம் கணக்கிடலாமா என்பதை ஒப்பந்தத்தின் வரையறைப் பகுதி தீர்மானிக்கிறது. கட்டணப் பகுதியை மட்டும் பார்த்தவருக்கு அது தெரிய வழியில்லை.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு பொறியாளருக்கு 12 லட்சம் சி.டி.சி. பேசப்படுகிறது. நிலையான சம்பளம் 10 லட்சம், வேரியபிள் 1.2 லட்சம், பி.எஃப். முதலான நிறுவனச் செலவுகள் 80 ஆயிரம். இதற்கு வெளியே, சேர்ந்தவுடன் தரும் ஜாயினிங் போனஸ் 1 லட்சம். முதல் முகமையின் கட்டணம் சி.டி.சி.யில் 8.33 சதவீதம். இரண்டாவது முகமை நிலையான சம்பளத்தில் மட்டும் 10 சதவீதம் கேட்கிறது. மூன்றாவது முகமைக்கு 7.5 சதவீதம்தான், ஆனால் அதன் வரையறையில் ‘முதல் ஆண்டின் மொத்த வருமானம், ஒருமுறை தரும் தொகைகள் உட்பட’ என்று இருக்கிறது. அட்டவணையைப் பார்ப்பவருக்கு இரண்டாவது முகமைதான் விலை அதிகம், மூன்றாவது மலிவு. கணக்குப் போட்டால் முதலாமவருக்கு 99,960 ரூபாய், இரண்டாமவருக்கு 1,00,000, மூன்றாமவருக்கு 13 லட்சத்தின் மீது 97,500. மூவருக்கும் இடையே இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்தான் வித்தியாசம். அதே 12 லட்சத்துக்கு ஒரு விற்பனை அதிகாரியை எடுப்பதாக வைத்துக்கொள்வோம். அவருக்கு நிலையான சம்பளம் 7.5 லட்சம், வேரியபிள் 4 லட்சம், மற்றவை 50 ஆயிரம், போனஸ் கிடையாது. இப்போது முதலாமவருக்கு அதே 99,960, மூன்றாமவருக்கு 90,000, இரண்டாமவருக்கு வெறும் 75,000. அட்டவணையில் விலை அதிகமாகத் தெரிந்தவர் இங்கே எல்லோரையும் விட மலிவாகிவிட்டார். இவற்றின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. எல்லோருக்கும் பொது, எனவே வரிசையை அது மாற்றாது. வரிசையை மாற்றியது அடித்தளத்தின் வரையறைதான். கட்டணம் என்ற கட்டத்தில் சதவீதத்தை மட்டும் எழுதினால் அந்தக் கட்டம் காலியாக இருப்பதற்குச் சமம். இன்னும் சொல்லப்போனால் அதைவிட மோசம். காலிக் கட்டத்தைப் பார்ப்பவர் கேள்வியாவது கேட்பார்.

ரீப்ளேஸ்மென்ட் உத்தரவாதத்தில் விஷயம் இன்னும் சிக்கலாகிறது. சேர்ந்த ஆள் குறிப்பிட்ட காலத்துக்குள் விலகினால் முகமை வேறோர் ஆளைக் கட்டணமின்றித் தரும், அல்லது பணத்தைத் திருப்பும் என்பதே இதன் கரு. முதலில் இதைத் தேடிக் கண்டுபிடிப்பதே ஒரு வேலை. ஒரு முகமை இதை ‘கேரண்டி’ என்கிறது. இன்னொன்று ‘ஃப்ரீ ரீப்ளேஸ்மென்ட்’ என்கிறது. வேறொன்றில் தலைப்பே இல்லாமல் கட்டணம் செலுத்தும் முறை என்ற பகுதியின் நான்காவது வாக்கியமாக ஒளிந்திருக்கிறது. ஒரே சொல்லைக் கணினியில் தேடி, கிடைக்காத இடத்தில் ‘உத்தரவாதம் இல்லை’ என்று எழுதியவர், தன் தேடலின் குறையை ஒப்பந்தத்தின் மேல் ஏற்றிவிட்டார். ஒப்பந்தம் ‘தரமாட்டோம்’ என்று சொல்வது ஒன்று, எதுவும் சொல்லாமல் விடுவது இன்னொன்று, படித்தவர் கண்ணுக்குப் படாதது மூன்றாவது. மூன்றையும் ‘இல்லை’ என்ற ஒரே சொல்லால் குறித்தால், பின்னால் வருபவர் எதை வைத்து முகமையிடம் பேசுவார்? ‘பேசப்படவில்லை’ என்று எழுதியிருந்தால் அடுத்த புதுப்பித்தலில் அதைக் கேட்டுச் சேர்க்கலாம் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

மேற்சொன்ன மூன்று முகமைகளின் உத்தரவாதத்தை இப்போது பார்ப்போம். முதலாமவர் தருவது ஆள் சேர்ந்த நாளிலிருந்து 90 நாள், மாற்று ஆள் மட்டுமே, பணம் திரும்பாது. இன்வாய்ஸ் வந்து 30 நாளுக்குள் பணம் செலுத்தியிருந்தால் மட்டும் இது செல்லும். இரண்டாமவர் தருவது சேர்ந்த நாளிலிருந்து 60 நாள், மீதமுள்ள நாட்களின் விகிதத்தில் பணம் திருப்பம். மூன்றாமவருக்கும் 90 நாள்தான், ஆனால் ‘இன்வாய்ஸ் தேதியிலிருந்து’. இந்தச் சொற்றொடர் அந்தப் பகுதியில் எந்தச் சந்தேகத்தையும் கிளப்பாது. இரண்டு பக்கம் தள்ளி, பில்லிங் பற்றிய பகுதியில், ‘ஆஃபரை ஆள் ஏற்றுக்கொண்டதும் இன்வாய்ஸ் எழுப்பப்படும், ஆள் சேர்ந்த 30 நாளுக்குள் செலுத்தப்படும்’ என்று இருக்கிறது. பணம் கொடுக்கும் நாள் சேர்ந்த பிறகுதான் என்பதால் கணக்குத் துறைக்கு இதில் எந்த உறுத்தலும் இராது. ஆனால் தகவல் தொழில்நுட்பத் துறையில் நோட்டீஸ் பீரியட் 60 நாள், 90 நாள் என்பது சாதாரணம். ஆஃபரை ஏற்றவர் பழைய நிறுவனத்தில் 90 நாள் நோட்டீஸ் முடித்து வந்து சேரும் அன்றே மூன்றாமவரின் உத்தரவாதம் முடிந்துவிடுகிறது. ஆள் அலுவலகத்தில் கால் வைக்கும்போது பாதுகாப்புப் பூஜ்ஜியம் நாள். இரண்டு பகுதிகளையும் தனித்தனியே எவ்வளவு கவனமாகப் பிரித்தெடுத்தாலும் இது தெரியாது. ஒன்றின் தொடக்க நாளை இன்னொன்று தீர்மானிக்கிறது என்று சேர்த்துப் படித்தால்தான் தெரியும்.

முதலாமவரின் நிபந்தனை இதைவிட நுட்பமானது. அதன் விடை ஒப்பந்தத்துக்குள்ளேயே இல்லை, நிறுவனத்தின் சொந்தக் கணக்கேட்டில் இருக்கிறது. முகமைகளில் பலவும் குறு, சிறு நிறுவனங்களாகப் பதிவு செய்தவை. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவன மேம்பாட்டுச் சட்டம், இத்தகைய குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய பணத்தை ஒப்புக்கொண்ட நாளுக்குள், எப்படியும் 45 நாளுக்கு மேற்படாமல், கொடுக்கச் சொல்கிறது. தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. சட்டம் 45 நாளை உச்சவரம்பாகத்தான் வைத்தது. கணக்குத் துறைகள் அதைத் தவணை நாளாகவே எடுத்துக்கொண்டன. எல்லா இன்வாய்ஸையும் 40-க்கும் 45-க்கும் இடையே தீர்க்கும் நிறுவனம், 30 நாள் நிபந்தனை உள்ள உத்தரவாதத்தை ஒவ்வொரு முறையும் தன் கையாலேயே ரத்து செய்துகொண்டிருக்கிறது. தாளில் 90 நாள் பாதுகாப்பு இருக்கிறது. நடப்பில் ஒரு நாள்கூட இல்லை. எனவே இந்தப் பிரித்தெடுக்கும் வேலையில் கணக்குத் துறையின் ஆள் ஒருவர் உட்கார வேண்டும் என்பது என் கருத்து. வழக்கறிஞர் இல்லாமல்கூட இந்த வேலை பெருமளவு நடக்கும். கடைசிப் பத்து இன்வாய்ஸ்கள் எந்த நாளில் தீர்க்கப்பட்டன என்று தெரியாமல் நடக்காது.

இப்போது அந்தப் பொறியாளரை ஓட்டிப் பார்ப்போம். 60 நாள் நோட்டீஸ் முடித்துச் சேர்கிறார், சேர்ந்த 40-ஆம் நாள் விலகுகிறார். முதலாமவரின் இன்வாய்ஸ் சேர்ந்த நாளிலேயே வந்தது, 30 நாள் கடந்தும் பணம் போகவில்லை, உத்தரவாதம் செல்லாது. மூன்றாமவரின் கடிகாரம் ஆஃபரை ஏற்ற நாளில் ஓடத் தொடங்கியது, 60-உம் 40-உம் சேர்ந்து நூறு நாள் ஆகிவிட்டது, உத்தரவாதம் முடிந்தது. இரண்டாமவரிடம் அறுபதில் இருபது நாள் மீதம், அதனால் ஒரு லட்சத்தில் மூன்றில் ஒரு பங்காக 33,333 ரூபாயும் அதற்குரிய ஜி.எஸ்.டி.யும் கிரெடிட் நோட்டாகத் திரும்பும். அட்டவணையில் 60 என்று எழுதிக் கடைசி இடத்தில் வைக்கப்பட்டவர் மட்டுமே இங்கே ஏதாவது தருகிறார். 25-ஆம் நாளே விலகியிருந்தால் கதை மாறும். அப்போது மூன்றாமவரின் 85-ஆம் நாள்தான், மாற்று ஆள் கிடைப்பார். இரண்டாமவர் 58,333 ரூபாய் தருவார். முதலாமவர் விஷயத்தில் இன்வாய்ஸை இன்னும் ஐந்து நாளுக்குள் தீர்க்க வேண்டும் என்று யாராவது கணக்குத் துறைக்குச் சொன்னால் உரிமை பிழைக்கும். விலகிப்போன ஆளுக்காக அவசரமாகப் பணம் கட்டச் சொல்வது கேட்க வேடிக்கையாகத்தான் இருக்கும், ஆனால் அன்றைக்குச் செய்ய வேண்டிய காரியம் அதுதான். விலகியதன் காரணமும் ஒரு நிபந்தனை. தானாக விலகினால், வேலைத்திறன் போதாமல் நீக்கினால் பொருந்தும் உத்தரவாதம், நிறுவனம் அந்தப் பணியிடத்தையே எடுத்துவிட்டால் பொதுவாகப் பொருந்தாது. மாற்று ஆளை எத்தனை நாளில் தர வேண்டும், தர முடியாவிட்டால் என்ன என்பதையும் ஒப்பந்தம் சொல்லாமல் விட்டிருந்தால், ‘மாற்று ஆள்’ என்பது முடிவு தேதி இல்லாத வாக்குறுதியாகவே நிற்கும்.

பிரத்தியேக உரிமை என்ற கட்டத்தில் ‘உண்டு’, ‘இல்லை’ என்று எழுதுபவர், மூன்று வேறு விஷயங்களை ஒரே பானையில் போடுகிறார். குறிப்பிட்ட பணியிடத்தைக் குறிப்பிட்ட காலத்துக்கு இந்த ஒரு முகமைக்கு மட்டும் கொடுப்பது ஒன்று. அனுப்பிய பயோடேட்டா ஆறு மாதமோ ஓராண்டோ அந்த முகமைக்கே சொந்தம், அதற்குள் அந்த ஆள் எந்த வழியில் வந்து சேர்ந்தாலும் கட்டணம் உண்டு என்பது இரண்டாவது. முகமை தன் வாடிக்கை நிறுவனத்திலிருந்து ஆள் இழுக்கக் கூடாது, நிறுவனம் முகமையின் ஊழியரை எடுக்கக் கூடாது என்பது மூன்றாவது. முதலாவதில், நிறுவனம் தானே விளம்பரம் செய்தோ ஊழியர் பரிந்துரை மூலமோ அந்த இடத்தை நிரப்பினால் கட்டணம் உண்டா என்பதை ஒரே ஒரு துணைவாக்கியம் தீர்மானிக்கும். அது பெரும்பாலும் ‘எந்த வழியிலும்’ என்ற இரண்டே சொல்லில் அடங்கியிருக்கும். மூன்றாவதைக் குறித்துக்கொண்டு நகரலாம். பணம் அதிகம் கசிவது அங்கே இல்லை.

கசிவது இரண்டாவதில். முகமை ஒவ்வொன்றின் ஒப்பந்தத்தையும் தனியே படித்தால் இது தெரியவே தெரியாது. ஏனென்றால் எந்த ஒப்பந்தத்துக்கும் மற்ற ஒப்பந்தங்கள் இருப்பதே தெரியாது. முதலாமவரின் ஒப்பந்தத்தில் அறிமுகத்திலிருந்து 12 மாதம் சொந்தம், மூன்றாமவருடையதில் 6 மாதம் என்று வைத்துக்கொள்வோம். ஜனவரியில் முதலாமவர் ஒருவரின் பயோடேட்டாவை அனுப்புகிறார், இடம் இல்லை என்று அது ஓரமாக வைக்கப்படுகிறது. ஜூலையில் அதே ஆளை மூன்றாமவர் வேறொரு பணிக்கு அனுப்புகிறார்; ஆகஸ்டில் ஆஃபர் போகிறது. முதலாமவரின் 12 மாதம் இன்னும் ஓடுகிறது, மூன்றாமவரின் 6 மாதம் இப்போதுதான் தொடங்கியது. நம் பொறியாளரின் கணக்கில் 99,960-உம் 97,500-உம் சேர்ந்து 1,97,460 ரூபாய், வரி தனி. இரண்டு தரப்புமே தங்கள் தாளின்படி நியாயமாகத்தான் கேட்கிறார்கள். இரண்டு தாளிலும் ‘முதலில் அனுப்பியவருக்கே கட்டணம்’ என்ற விதியோ, ‘நிறுவனத்திடம் முன்பே உள்ள ஆளாக இருந்தால் இத்தனை நாளுக்குள் நிறுவனம் தெரிவிக்க வேண்டும்’ என்ற விதியோ இருக்கிறதா என்று பார்த்து, அதையும் சொந்தக்காலத்தோடு சேர்த்தே எடுக்க வேண்டும். இரண்டாவது விதி இருந்து, நிறுவனம் அந்தக் கால அளவுக்குள் பதில் அனுப்பாமல் விட்டால், மௌனமே சம்மதமாகிவிடும். ஆளைப் பெயரை வைத்து ஒப்பிடுவதும் பயன் தராது. ஒரே ஆள் ஒரு பயோடேட்டாவில் தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் போடுவார், இன்னொன்றில் பின்னால். கைப்பேசி எண்ணை வைத்து ஒப்பிட்டால் பெரும்பாலும் பிடிபடும்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு, நிறுவனம் தன் சொந்த மாதிரி ஒப்பந்தத்தில் எல்லோரையும் கையெழுத்திடச் சொன்னால் பிரச்சினை தீர்ந்ததே என்று ஒரு மறுப்பு வரும். பெரிய நிறுவனங்கள் அப்படித்தான் செய்கின்றன, செய்ய முடிந்தால் நல்லதுதான். ஆனால் அரிதான திறன் உள்ளவர்களைத் தேடித் தரும் சிறப்பு முகமைகள் தங்கள் தாளை விட்டு இறங்குவதில்லை. இறங்குபவர்களும் ‘வணிக நிபந்தனைகள்’ என்ற இணைப்பில் தங்கள் வரையறையைத் திரும்பக் கொண்டுவருவார்கள். மாதிரி ஒப்பந்தமும் இணைப்பும் முரண்பட்டால் எது மேலோங்கும் என்ற வாக்கியம் எங்கே இருக்கிறது என்பதையும் அப்போது தேட வேண்டியதாகிறது. மின்னஞ்சலில் ‘இந்த ஒரு பணிக்கு மட்டும் 7 சதவீதம்’ என்று ஒப்புக்கொண்டது செல்லுமா என்பதும் அந்த வாக்கியத்தைப் பொறுத்தே.

இன்னொரு மறுப்பு நடைமுறையைக் காட்டுவது. தாளில் என்ன இருந்தாலும், கேட்டால் ஆள் மாற்றித் தருவார்கள், உறவுதான் முக்கியம் என்பார்கள் ஆள்சேர்ப்பில் ஊறியவர்கள். இது பொய் என்று சொல்ல மாட்டேன். மாதம் பத்து இடம் தரும் வாடிக்கை நிறுவனத்தோடு எந்த முகமையும் 30 நாள் நிபந்தனைக்காகச் சண்டையிடாது. ஆனால் ஆள்சேர்ப்பு நின்றுபோகும் ஆண்டில், முகமையின் பழைய தொடர்பாளர் வேறிடம் போன பிறகு, அந்த நல்லுறவு யாரிடம் இருக்கிறது? நடைமுறையையும் பதிவு செய்யலாம், செய்ய வேண்டும்; ஒப்பந்தம் சொல்வதற்குப் பக்கத்தில், வேறு கட்டத்தில். இரண்டையும் ஒரே கட்டத்தில் கலந்தால், முகமை தயவாகச் செய்தது எது, கடமையாகச் செய்தது எது என்று பிரிக்க முடியாமல் போகும்.

சட்டம் தெரிந்தவர்கள் சொல்லும் மறுப்பு வேறு. கடுமையான நிபந்தனைகள் நீதிமன்றத்தில் நிற்காது, 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு தொழிலைத் தடுக்கும் உடன்பாடுகளைச் செல்லாதவை என்கிறது, 74-ஆம் பிரிவு அபராதம் போன்ற தொகைக்குப் பதிலாக நியாயமான இழப்பீட்டை மட்டும் தருகிறது என்பார்கள். ஆனால் ஒப்பந்தம் நடப்பில் இருக்கும் காலத்துக்கான பிரத்தியேக உரிமையைப் பொதுவாக 27-ஆம் பிரிவு தொடாது என்பதை குஜராத் பாட்லிங் நிறுவனத்துக்கும் கோகோ கோலாவுக்கும் இடையிலான வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. பயோடேட்டாவின் சொந்தக்காலத்தில் கேட்கப்படுவதும் அபராதத்தைவிடக் கூலி என்ற வடிவில்தான் வருகிறது. அதற்கும் மேலாக, ஒரு லட்சம் ரூபாய்த் தகராறுக்கு யாரும் அவ்வளவு தூரம் போக மாட்டார்கள். தாள் சொல்வதே பேச்சுவார்த்தையின் தொடக்கப் புள்ளி. செல்லுமா என்ற ஐயம் இருந்தால் அதைக் குறிப்பாக எழுதலாம். ஆனால் செல்லாது என்று நினைத்து எடுக்காமல் விட்டால், பிரித்தெடுப்பவர் நீதிபதியின் இருக்கையில் உட்கார்ந்துவிட்டார் என்றே அர்த்தம்.

ஆகவே வேலையின் வரிசை இப்படி அமையும். முதலில் ஒப்பந்தத்தின் சொற்கள் அப்படியே, பகுதி எண்ணுடனும் பக்க எண்ணுடனும் எடுக்கப்படும்; பொருள் சொல்லும் கட்டம் தனி. பழைய ஒப்பந்தங்கள் ஸ்கேன் செய்த படமாகவே இருப்பதால், கணினி 8.33-ஐ 833 என்றோ 3.33 என்றோ படித்திருக்கலாம்; எண்களை மட்டுமாவது கண்ணால் ஒப்பிட வேண்டும். ஒரே ஒப்பந்தத்தை இரண்டு பேர் தனித்தனியே படித்து வேறு பொருள் கொண்டால், யார் தவறு என்று தேடுவதற்கு முன் அந்த வாக்கியமே இரட்டைப் பொருள் உள்ளதா என்று பார்க்க வேண்டும். முகமையின் ஆளும் அப்படி இரண்டாவது விதமாகத்தான் படித்திருப்பார். எடுத்து முடித்ததும் அதே முகமை கடந்த காலத்தில் அனுப்பிய பத்து இன்வாய்ஸ்களை எடுத்து, எடுத்த நிபந்தனையை வைத்துத் தொகையை மறுபடி கணக்கிட வேண்டும். பத்தில் எட்டு பைசா சுத்தமாகப் பொருந்தி, ஜாயினிங் போனஸ் தந்த இரண்டு மட்டும் இடித்தால், போனஸ் அடித்தளத்தில் சேருமா என்பதை நீங்கள் தவறாகப் படித்தீர்கள், அல்லது முகமை தவறாகக் கேட்டது, அல்லது வேறொரு மின்னஞ்சல் எங்கோ இருக்கிறது. மூன்றில் எதுவானாலும் தெரிந்துகொள்ள வேண்டியதே. பத்துமே ஒரே அளவில் இடித்தால் நீங்கள் கையில் வைத்திருப்பது பழைய ஒப்பந்தமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

ஒப்பந்தம் முடிந்துபோன முகமைகளின் வரியை அட்டவணையிலிருந்து நீக்கும் பழக்கம் ஒன்று உண்டு. கட்டணமும் உத்தரவாதமும் முடிந்த ஒப்பந்தத்தோடு போகலாம். ஆனால் பயோடேட்டாவின் சொந்தக்காலம், ஒப்பந்தம் முடிந்த பிறகும் தொடரும் பகுதிகளின் பட்டியலில் சாதாரணமாக இடம்பெற்றிருக்கும். மார்ச் 31-இல் உறவு முடிந்த முகமை மார்ச் 28-இல் நாற்பது பயோடேட்டா அனுப்பியிருந்தால், 12 மாதச் சொந்தக்காலத்தின்படி அடுத்த ஆண்டு மார்ச் 28 வரை அந்த நாற்பது பேரில் எவரை எடுத்தாலும் அதற்குக் கட்டணம் கேட்க உரிமை உண்டு. அந்த வரியை அதுவரை அட்டவணையில் வைத்திருக்க வேண்டும், நாற்பது கைப்பேசி எண்களோடு.